தயிரும் மோரும் போன பிறகு: வீகன் சாப்பாட்டில் பி12, இரும்பு, புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் முறை

சைவச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள் வீகன் உணவுக்கு மாறும்போது, தட்டைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. சோறு, சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். தயிரும் மோரும் நெய்யும் தேநீரில் ஊற்றும் பாலும் மட்டும் போயிருக்கும். ஆனால் முட்டை சாப்பிடாத சைவர்களுக்கு பி12 வைட்டமின் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே இயற்கை வழி அந்தப் பாலும் தயிரும்தான். அன்றாடப் புரதத்திலும் அவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு. அவை போன இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டுவிடுவதுதான், சுங்கை சிப்புட்டில் மருந்தகத்தில் வேலை செய்யும் நான் புதியவர்களிடம் அடிக்கடி காணும் குறை.

இந்த மூன்று சத்துகளிலும் சிக்கல் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பி12 செடிகொடிகளில் நம்பத்தக்க அளவில் இல்லவே இல்லை; ஆகவே சமையலால் அதைச் சரிசெய்ய முடியாது. இரும்பு நம் சாப்பாட்டில் இருக்கிறது. அது குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதுதான் கடினம். புரதமும் இருக்கிறது, நாம் எடுத்துக்கொள்ளும் அளவுதான் போதுவதில்லை. ஆகவே முதலாவதற்கு மாத்திரையும், இரண்டாவதற்கு எதை எதோடு எப்போது சாப்பிடுகிறோம் என்ற கவனமும், மூன்றாவதற்குப் பெரிய கரண்டியும் தேவைப்படுகின்றன.

தொடங்கும்போது ஒரு ரத்தச் சோதனை

மாறிய பிறகு என்ன குறைந்தது என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, மாறும்போதே ஒரு கணக்கு கையில் இருப்பது நல்லது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலோ தனியார் ஆய்வுக்கூடத்திலோ முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12 ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்ற ஒரு வரியோடு நின்றுவிடாதீர்கள். ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் எண். ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகுநாள் முன்பே இது குறைந்துவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கு அது 15-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 30-க்குக் கீழே வந்தாலே கவனிக்கத் தொடங்கும் மருத்துவர்கள் பலர். காய்ச்சலோ உடலில் வேறு அழற்சியோ இருக்கும் நாட்களில் இந்த எண் பொய்யாக ஏறும் என்பதால், உடம்பு சரியில்லாதபோது சோதனைக்குப் போக வேண்டாம்.

முடிவைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் வழக்கமாக 80-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும். பி12 குறைந்தால் அணுக்கள் பெருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்த வீகன் ஒருவருக்கு, பெருத்ததும் சிறுத்ததும் கலந்து, சராசரி 88 என்று அழகாக வந்து நிற்கக்கூடும். எம்.சி.வி. சரியாக இருக்கிறது, ஆகவே குறைபாடு இல்லை என்று சொல்வது இங்கே செல்லாது. இன்னொன்று, மலேசியாவில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரும்பு நிறைவாக இருந்தாலும் அணுக்கள் சிறிதாகவே இருக்கும். எம்.சி.வி. குறைவு, ஃபெரிட்டின் சரி என்றால் இரும்பு மாத்திரையை வாங்கி விழுங்காமல், தலசீமியா சோதனை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பி12: சமையலறையில் தேட வேண்டாம்

"தம்பி, இட்லி மாவுதான் புளிக்குதே, பழைய சோறும் புளிக்குது, அதுல பி12 வந்துடாதா?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஏனென்றால் பி12-ஐ உண்டாக்குவது கிருமிகள்தாம். ஆனால் எல்லாக் கிருமிகளும் அதை உண்டாக்குவதில்லை. மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகளிடமிருந்து நமக்குப் போதிய அளவு பி12 வருவதாக நம்பி இருக்க முடியாது. தெம்பேயிலும் இதே கதைதான்: தற்செயலாக வேறு கிருமி சேர்ந்த ஒரு தட்டில் கொஞ்சம் இருக்கலாம், அடுத்த தட்டில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஸ்பைருலினா மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளிக்கும், உடலுக்குப் பயன்படாத ஒரு பொருள். மார்மைட்டில் பி12 இருந்தால் அது தயாரிப்பாளர் சேர்த்ததுதான். போத்தலில் ஒட்டியிருக்கும் சத்துப் பட்டியலில் பெயரும் அளவும் இருந்தால் மட்டும் கணக்கில் சேர்க்கலாம். சோயா பாலுக்கும் இதே விதி. கால்சியம் சேர்த்திருக்கிறார்கள் என்பதற்காக பி12-உம் சேர்த்திருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். (மைலோ குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பால் பொருள் இருக்கிறது.)

ஆகவே மாத்திரை. எவ்வளவு என்பதில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. பெரியவர்களின் ஒரு நாள் தேவை, நாட்டுக்கு நாடு பரிந்துரை சற்றே மாறினாலும், 2.4 முதல் 4 மைக்ரோகிராம் வரைதான். அப்படியிருக்க மாத்திரை டப்பாவில் 1000 என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது விஷமாகிவிடாதா என்று பயப்படுகிறார்கள். வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐக் கைப்பிடித்து அழைத்துச் சென்றால்தான் அது குடல்வழியே நன்றாக ஏறும். அந்தப் புரதத்தால் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் கொண்டுபோக முடியாது. எஞ்சியதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகிறது. எனவே அடிக்கடி எடுத்தால் சிறு அளவு போதும்; எப்போதாவது எடுத்தால் பெரிய அளவு வேண்டும். தினமும் எடுப்பவர் 10 மைக்ரோகிராமோ அதற்குச் சற்று மேலோ உள்ள மாத்திரையை எடுக்கலாம்; வாரம் ஒரு முறை எடுப்பவருக்கு மொத்தம் 2000 மைக்ரோகிராம் தேவை. இங்கே 1000 மைக்ரோகிராம் மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது என்பதால், வாரத்தில் இரண்டு நாட்களை நிச்சயித்து ஒவ்வொன்று எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீடுகளில் அதையே ஒரு நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. சயனோகோபாலமின் என்ற வகை விலை குறைவு, கெட்டுப்போகாது. மெத்தில்கோபாலமின் என்ற விலை கூடிய வகையைத் தேடி அலைய வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. கால் மரத்துப்போகிறது என்று வருபவர்களுக்கு நரம்பு மாத்திரை என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பி1, பி6, பி12 மூன்றும் கலந்திருக்கும். அவற்றில் பி6 சில சமயம் 100, 200 மில்லிகிராம் வரை இருக்கிறது. பி6-ஐ அந்த அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். பி12-க்காக வாங்குபவர் பி12 மட்டும் உள்ளதையே வாங்க வேண்டும்.

குறைபாடு வந்தால் உடனே தெரியாது என்பது இதில் உள்ள ஆபத்து. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கும்; அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற பேச்சுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மதிப்பில்லை. மேலும் வீகன் உணவில் கீரையும் பருப்பும் மிகுதி என்பதால் ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கிடைக்கும். அது ரத்தச்சோகையை மறைத்துவிட, நரம்புச் சேதம் மட்டும் உள்ளுக்குள் நடந்துகொண்டிருக்கும். இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம், நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரிதல் ஆகியவை தெரிந்தால், மாத்திரை எடுத்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். முற்றிவிட்டால் முழுவதும் சரியாகாமலே போகலாம். இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கும், வயிற்றுப் புளிப்புக்கு ஓமெப்ரசோல் போன்றவற்றை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 ஏறுவது குறையும். நம் குடும்பங்களில் மெட்ஃபோர்மின் இல்லாத வீடு அரிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வீகன் உணவில் இருப்பதைத் தாய்சேய் நலக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாய்க்கு இல்லாதது தாய்ப்பாலிலும் இருக்காது.

இரும்பு: தேநீரைத் தள்ளி வையுங்கள்

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எங்கள் வட்டாரத்தில் தொழிற்சாலையில் வேலை செய்யும், 55 கிலோ எடையுள்ள, மாதவிடாய் வரும் வயதிலுள்ள ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பசியாற இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி, ஒரு தே-ஓ. மதியம் இரண்டு கப் சோறு, தண்ணீர்ச் சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம், சாப்பாட்டோடு இன்னொரு தே-ஓ. மாலையில் பீசாங் கோரேங். இரவு காய்கறி போட்ட மீஹூன். இதில் அசைவம் எதுவும் இல்லை, பாலும் இல்லை; வயிறும் நிறைகிறது.

இரும்பைப் பொறுத்தவரை இவருடைய முதல் தவறு தேநீர்தான். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலுள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் ஏற வேண்டியதில் பாதிக்கு மேல் போய்விடலாம். தேநீரை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, விடவும் தேவையில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் போதும். பத்து மணி ஓய்வுக்கும் நாலு மணிக்கும் தள்ளி வைப்பது தொழிற்சாலை நேரத்துக்கும் பொருந்தும். கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சாப்பாட்டோடு எடுக்காமல் படுக்கப்போகும் முன் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வைட்டமின் சி அதே வேளையில் தட்டில் இருக்க வேண்டும். காலையில் ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டேன் என்பது மதியப் பருப்புக்கு உதவாது. நம் ஊரில் இதற்குக் கொய்யாவைவிட மலிவான வழி இல்லை: கைக்கடங்கிய ஒரு கொய்யாவில் பாதி, ஒரு நாள் முழுவதற்கும் தேவையான வைட்டமின் சி-யை விஞ்சித் தரும். பப்பாளித் துண்டும் நல்லது. பருப்பிலோ சுண்டலிலோ கஸ்தூரி எலுமிச்சை பிழிவதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி அழிந்து புளிப்பு மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, எதில் இரும்பு இருக்கிறது என்பதில் கீரையை மட்டும் நம்ப வேண்டாம். பயாம் கீரையில் இரும்பு இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கட்டிப்போடும் பொருள்களும் அதிலேயே இருப்பதால் உடலில் சேர்வது குறைவு. கேழ்வரகும் அப்படித்தான். முருங்கைக்கீரை, சாவி ஆகியவற்றைத் தாராளமாகச் சேருங்கள், ஆனால் கணக்கின் முதுகெலும்பாக மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, தெம்பே, தௌக்குவா ஆகியவற்றையே வையுங்கள். கடலையை இரவு முழுதும் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இரும்பைத் தடுக்கும் பைடேட் ஓரளவு குறையும்; முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் இன்னும் குறையும். பாட்டிமார் செய்துவந்த வேலைகள் பி12-க்கு உதவாவிட்டாலும் இரும்புக்கு உதவுகின்றன.

புரதம்: சாம்பாரின் அடியில் இருப்பது

அதே பெண்ணின் தட்டுக்குத் திரும்புவோம். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது பெரியவர்களுக்கான பொதுவான புரதப் பரிந்துரை. செடிப் புரதம் சற்றுக் குறைவாகச் செரிப்பதால் கொஞ்சம் கூட்டிக்கொண்டால், 55 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அளவில் வேண்டும். இவருக்குக் கிடைப்பதைக் கூட்டிப் பாருங்கள். தோசையும் சட்னியும் சேர்ந்து 7 கிராம் தேறலாம். சோற்றில் 8, பொரியலிலும் அப்பளத்திலும் 4, சாம்பாரில் 3 அல்லது 4. பீசாங் கோரேங்கில் ஒன்றிரண்டு, மீஹூனில் 4 அல்லது 5. எல்லாம் சேர்ந்தும் 30-ஐத் தாண்டவில்லை.

சாம்பாரில் இவ்வளவு குறைவா என்று கேட்கலாம். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பைப் போட்டு, பானை நிறையத் தண்ணீர் விட்டு, மேலாகக் கலக்காமல் ஊற்றினால் ஒருவர் தட்டுக்கு வருவது புளித்தண்ணீரும் கத்தரிக்காயும்தான். பருப்பு அடியில் தங்கிவிடும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி ஊற்றுவது ஒரு தீர்வு. அதைவிட நல்லது, ஆளுக்கு இவ்வளவு என்று உலர்ந்த பருப்பை அளந்து போடுவது: ஒருவருக்கு 40 கிராம், அதாவது குவித்த மூன்று மேசைக்கரண்டி. அதில் 9 கிராம் புரதம் இருக்கிறது. சோற்றுப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு, பருப்பில் அது நிறைவு. ஒரே நாளில் இரண்டும் இருந்தால் போதும், ஒரே வாயில் கலந்து உண்ண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனி மாற்றிய சாப்பாடு. காலையில் அதே இரண்டு தோசை, சட்னியில் தேங்காயைக் குறைத்து ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை: 13 கிராம். மதியம் சோறு ஒன்றரைக் கப்பாகக் குறைந்து, சாம்பார் கெட்டிப் பருப்பாக மாறி, முருங்கைக்கீரை பொரியல் சேர்ந்தால் 17, பிறகு பப்பாளி. மாலையில் பீசாங் கோரேங்குக்குப் பதில் அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல், பாதி கொய்யா: 7. இரவு அதே மீஹூன், கூடவே 100 கிராம் தெம்பே சம்பால்: 22. மொத்தம் 59. இரும்பும் இதிலேயே 11, 12 மில்லிகிராம் வந்துவிடுகிறது. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு 18 என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது, வீகன்களுக்கு அதற்கும் மேல். ஆகவே தேநீர் விதியையும் கொய்யா விதியையும் இவர் விட முடியாது. உதிரப்போக்கு அதிகமுள்ளவருக்கு இந்தத் தட்டு மட்டும் போதாமல் போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

தெம்பேயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வதில் தவறில்லை, ஏனென்றால் தமிழ் வீடுகளில் இன்னும் பலர் அதைத் தொடுவதில்லை. காலைச் சந்தையில் மலாய்க்கார அக்காமார் வாழையிலையிலோ பிளாஸ்டிக்கிலோ கட்டி விற்பார்கள். வெள்ளைப் பூஞ்சை பருப்புகளைச் சுற்றி இறுகப் பிடித்து, அழுத்தினால் உதிராமல் இருப்பதே நல்ல தெம்பே. ஆங்காங்கே கருப்புப் புள்ளி இருந்தால் கெடுதல் இல்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் வேண்டாம். விரல் அளவுக்கு நறுக்கி, மஞ்சளும் உப்பும் கரைத்த புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் கசப்பு குறையும். பிறகு கொஞ்சம் எண்ணெயில் சிவக்கப் புரட்டி, மிளகாய், வெங்காயம், பூண்டு அரைத்து வதக்கிய சம்பாலில் போட்டுக் கிளற வேண்டும். பெலாச்சானும் நெத்திலியும் இல்லாமல் ருசி எப்படி என்று கேட்பவர்கள், வறுத்துப் பொடித்த நிலக்கடலையை இறுதியில் தூவிப் பார்க்கட்டும். கடையில் வாங்கும் சம்பாலில் பெலாச்சான் இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

தெம்பே பிடிக்காதவர் தௌக்குவா இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமிலேயே 15 கிராம் புரதம் இருக்கிறது. பலாக்காய்க் கறியும் காளான் வறுவலும் இறைச்சி போலத் தோன்றினாலும் புரதக் கணக்கில் காய்கறிகள்தாம். சீனர் சைவக் கடைகளின் மாதிரி இறைச்சியில் புரதம் உண்டு, ஆனால் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவோ பால் பொருளோ சேர்ந்திருக்கும். பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று மாதம் கழித்து

இப்படிச் சாப்பிட்டு மூன்று மாதம் போன பிறகு அதே ஆய்வுக்கூடத்தில் அதே சோதனைகளை மறுபடி எடுங்கள். பி12 எண் ஏறியிருக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லையென்றால் சிக்கல் உணவில் இல்லை, வயிற்றிலோ குடலிலோ இருக்கலாம், ஊசி தேவைப்படலாம். எண் நன்றாக ஏறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஏனெனில் அந்த எண் நிற்பதே மாத்திரையால்தான். ஃபெரிட்டின் மெதுவாகவே ஏறும். குறையாமல் நின்றிருந்தாலே சாப்பாடு வேலை செய்கிறது என்று கொள்ளலாம். 15-க்குக் கீழே இறங்கியிருந்தால் உணவால் மட்டும் நிரப்புவது கடினம், மருத்துவர் இரும்பு மாத்திரை தருவார். அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் ஏறுவதும் கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அப்படி எடுக்கலாமா என்று அவரையே கேளுங்கள். மலம் கறுப்பது இயல்புதான். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஃபெரிட்டின் இறங்கினால் அதை வீகன் சாப்பாட்டின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாமல், வயிற்றில் புண்ணோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.